நாலு முடித்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பா?

ஏழு ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்த என் அண்ணன் குடும்பம் 2025-ல் திருச்சிக்கே திரும்பி வருவது என்று முடிவெடுத்தது. வீடும் வேலையும் முடிவாகிவிட்டன. மகளின் பள்ளி மட்டும் பாக்கி. நியூஜெர்சியில் இருந்தபடியே அண்ணன் இங்குள்ள ஒரு தனியார் பள்ளிக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினார். தன் வேலையைப் பற்றி ஒரு பத்தி, மகள் நீச்சலில் வாங்கிய பரிசுகள் பற்றி ஒரு பத்தி, ஊருக்குத் திரும்பும் காரணம் பற்றி ஒரு பத்தி. கடைசியில், ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வேண்டுகோள்.

பதில் ஒரே வரியில் வந்தது. டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் அனுப்புங்கள். அவள் படித்த பள்ளியில் இரண்டுமே கிடையாது. தொலைபேசியில் பேசியபோது அலுவலகத்தில் இருந்தவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "நாலு முடிச்ச பிள்ளைக்கு ஆறு எப்படி சார் குடுக்கறது?"

நான் பல ஆண்டுகள் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். வருடத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளாவது துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்து என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அலுவலர் கேட்டது நியாயமான கேள்வி. அண்ணனின் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை என்பதுதான் குறை. அவர் மகள் நான்காம் வகுப்பு முடித்தவள் என்பதும் உண்மை, ஆறாம் வகுப்பு வயதுக்காரி என்பதும் உண்மை.

கணக்கு இதுதான். குழந்தை பிறந்தது 2015 ஜனவரியில். தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்த குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால், இங்கேயே இருந்திருந்தால் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பு, 2025 ஜூனில் ஆறாம் வகுப்பு. அவள் போனதோ நியூஜெர்சிக்கு. அங்கே ஐந்து வயதான குழந்தை முதலில் கிண்டர்கார்டன் என்ற ஒரு முழு ஆண்டைப் பள்ளியிலேயே முடிப்பது வழக்கம். ஒன்றாம் வகுப்பு அதற்குப் பிறகுதான். ஆகவே 2020 செப்டம்பரில் கிண்டர்கார்டன், 2021-ல் ஒன்றாம் வகுப்பு, 2025 ஜூனில் நான்காம் வகுப்பு நிறைவு. ஒரு வருடமும் வீணாகவில்லை, எந்த வகுப்பிலும் தங்கவில்லை. இரண்டு ஊர்களும் எண்ணத் தொடங்கிய இடம்தான் வேறு. இங்கிலாந்திலிருந்து வந்தால் இது தலைகீழாக இருக்கும். அங்கே 'இயர் 6' என்பது பெரும்பாலும் நம் ஐந்தாம் வகுப்பு. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் குழந்தையை ஒரு வகுப்பு மேலே தள்ளிவிடுவோம்.

எனவே கடிதத்தில் 'ஆறாம் வகுப்பு கொடுங்கள்' என்று கேட்பதைவிட, 'ஐந்தா ஆறா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்பதே சரி என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு ஒரு பயம். "பரீட்சை வைக்கச் சொல்லி நாமே கேட்டா, அதையே சாக்கா வெச்சு சீட் இல்லைன்னுட்டா?"

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது வடிகட்டும் தேர்வு வைக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். வடிகட்டுவது என்றால் என்ன என்பதையும் அதே சட்டம் சொல்கிறது: ஒரு குழந்தையை விட்டு இன்னொரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கும் முறை. சேர்த்துக்கொண்ட குழந்தையை எந்த வகுப்பில் உட்காரவைப்பது, எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது என்று பார்ப்பது அதில் அடங்காது. நாம் கேட்பது இந்த இரண்டாவதை. கடிதத்தின் வாக்கிய அமைப்பிலேயே அது தெரிய வேண்டும். 'தேர்வு வைத்து, தகுதி இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினால், முதல் வகைக்கு நாமே கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

சட்டத்துக்கு எல்லையும் உண்டு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்ற பிரிவு, பள்ளிக்கே போகாத அல்லது படிப்பை முடிக்காமல் நின்றுபோன பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. வெளிநாட்டில் ஒழுங்காகப் படித்துவிட்டு வருகிறவளுக்கு அது நேராகப் பொருந்தாது. டி.சி. தாமதமானால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்ற பிரிவும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கே வலுவாகப் பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைப் பொறுத்தவரை, இந்தச் சட்டமே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. அதனால் கடிதத்தில் சட்டப் பிரிவுகளை அடுக்குவதை நான் விரும்புவதில்லை. அது நம் மனதில் இருக்கட்டும். கடிதத்தில் குழந்தை இருக்க வேண்டும்.

ஏப்ரலில், வேறொரு பள்ளிக்கு நாங்கள் சேர்ந்து எழுதிய கடிதம் இது. பெயர்களை மட்டும் விட்டுவிட்டுத் தருகிறேன்.

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: அமெரிக்காவிலிருந்து திரும்பும் மகளுக்குச் சேர்க்கையும், வகுப்பை முடிவுசெய்ய மதிப்பீடும் வேண்டுதல்.

என் மகள் 2015 ஜனவரியில் திருச்சியில் பிறந்தவள். 2018 முதல் நியூஜெர்சியில் வசிக்கிறாள். அங்குள்ள அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பை வரும் ஜூன் மாதம் முடிக்கிறாள். ஜூலை முதல் வாரம் திருச்சி வந்துவிடுவோம். இந்தக் கல்வியாண்டிலேயே அவளைத் தங்கள் பள்ளியில் சேர்க்க விரும்புகிறோம். பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து வருவதற்கு, அங்கே கல்வியாண்டு ஜூன் கடைசியில் முடிவதே காரணம்.

அவள் வயதுப் பிள்ளைகள் இங்கே ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள். முடித்த வகுப்பை வைத்துப் பார்த்தால் அவள் ஐந்தில் சேர வேண்டும். இரண்டில் எது அவளுக்கு நல்லது என்பதைத் தங்கள் ஆசிரியர்கள் அவளோடு பேசிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டுகிறோம். எந்த வகுப்பு என்றாலும் எங்களுக்குச் சம்மதம்.

அவள் நிலையை நாங்கள் அறிந்த வரையில் எழுதுகிறோம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், தயங்காமல் பேசுவாள். தமிழ் எழுத்துக்களில் பெரும்பாலானவற்றை அடையாளம் தெரியும், சொல்லாகக் கூட்டிப் படிக்கத் திணறுகிறாள், எழுதத் தெரியாது. ஆங்கிலத்தில் கதைப் புத்தகங்களைத் தானாகவே படிப்பாள். ஆனால் பெரும்பாலும் கணினியில் எழுதியே பழக்கம். கையால் ஒரு பக்கம் எழுத வெகு நேரம் ஆகும், கூட்டெழுத்து தெரியாது. கணக்கில் பெருக்கலும் ஓரிலக்க வகுத்தலும் செய்வாள். பகுதி ஒன்றாக உள்ள பின்னங்களைக் கூட்டுவாள், வெவ்வேறு பகுதிகள் உள்ள பின்னங்களை இன்னும் படிக்கவில்லை. லட்சம், கோடி என்ற எண்ணிக்கை முறையும் கிலோ, சென்டிமீட்டர் அளவுகளும் அவளுக்குப் பழக்கமில்லை.

ஜூலை இரண்டாம் வாரத்தில் தங்களுக்கு வசதியான இரண்டு காலை வேளைகளில் இந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டுகிறோம். தமிழை வாய்மொழியாகத் தொடங்கினால் அவள் தயக்கம் தீரும். கணக்குக் கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தால் உதவியாக இருக்கும். அவள் எழுதிய தாள்களை நாங்களும் பார்க்க அனுமதித்தால், வீட்டில் எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்வோம். இப்போது முடிவாகும் வகுப்பைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒரு முறை மறுபடி பார்க்கவும் வேண்டுகிறோம்.

பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மூன்று ஆண்டு ரிப்போர்ட் கார்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளோம். அங்கே டி.சி. வழங்கும் வழக்கம் இல்லை. அதற்கு ஈடாக, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முடித்த வகுப்பு ஆகியவற்றைக் குறித்துப் பள்ளி முதல்வர் தரும் கடிதத்தை வரும்போது கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்.

ஒன்றரைப் பக்கம்தான். இதில் அண்ணிக்கு உறுத்திய பத்தி, தெரியாததையெல்லாம் சொல்லும் அந்தப் பத்திதான். "நம்ம பிள்ளையோட குறையை நாமே எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டார். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரித்து நீட்டுவார். முதல் பாடம் பாரதிதாசனின் 'இன்பத்தமிழ்'. பிள்ளை வாயே திறக்காது. 'தமிழ் சுத்தமாகத் தெரியாது' என்று தாளில் எழுதி முடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை வீட்டில் பாட்டியோடு நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறது என்பது தாளில் வராது. கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது ஆகிய நான்கும் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளையிடம் ஒரே அளவில் இருக்காது. தனித்தனியாகப் பார்க்கும்படி கடிதமே வழிகாட்ட வேண்டும்.

ரிப்போர்ட் கார்டுக்கும் ஒரு சிறு விளக்கத் தாள் இணைத்தோம். அவள் பள்ளியின் கார்டில் மதிப்பெண்ணோ சதவீதமோ இல்லை. ஒவ்வொரு திறனுக்கும் எதிரே 1 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். 3 என்றால் அந்த வகுப்புக்கு எதிர்பார்த்ததை எட்டிவிட்டாள் என்று பொருள். நம் கண்ணுக்கு நாலுக்கு மூன்று என்றால் 75 சதவீதம் என்று படும். அது தவறு. இன்னொரு தாள் அதைவிடக் குழப்பும். நியூஜெர்சியில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் மாநிலத் தேர்வு உண்டு. அவள் எழுதியபோது அதன் மதிப்பெண் 650-ல் தொடங்கி 850-ல் முடிந்தது. 750 வாங்கினால் வகுப்புக்குரிய தரத்தை எட்டியதாக அர்த்தம். ஆயிரத்துக்கு எழுநூற்றைம்பது என்று யாராவது எடுத்துக்கொண்டால் அந்தத் தாள் நமக்கு உதவாமல் போகும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று நாலு வரி எழுதி மேலே குத்திவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

டி.சி. விஷயத்தில் ஒரு நடைமுறை எச்சரிக்கை. பள்ளி முதல்வரின் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்கக் கூடாது. ஜூன் இறுதியில் பள்ளி மூடிவிட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. அண்ணி மே மாதமே கேட்டு, பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், முத்திரையோடு இரண்டு பிரதிகள் வாங்கிவைத்தார். அடுத்து ஐந்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றிருக்கிறாள் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொன்னோம். இங்கே அலுவலகத்தில் முதலில் தேடியது அந்த வரியைத்தான்.

ஜூலையில் மதிப்பீடு நடந்தது. நானும் கூடப் போயிருந்தேன். அன்று கணக்கு ஆசிரியை கொடுத்த ஒரு கேள்வி 47 × 36. குழந்தை ஒரு சதுரம் வரைந்து அதை நாலு அறையாகப் பிரித்தாள். ஒரு பக்கம் 40, 7. மறுபக்கம் 30, 6. அறைகளுக்குள் 1200, 240, 210, 42 என்று எழுதி, எல்லாவற்றையும் கூட்டி 1692 என்றாள். நாம் ஒன்றின் கீழ் ஒன்றாக 282, 1410 என்று இரண்டு வரி எழுதிக் கூட்டுவோம். வழி வேறு, விடை ஒன்று. விடைக்குறிப்பை மட்டும் வைத்துத் திருத்தும் ஒருவர் அந்தச் சதுரத்தைக் கிறுக்கல் என்று நினைத்திருக்கலாம். இந்த ஆசிரியை, "இந்த 240 எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று கேட்டார். "ஃபார்ட்டியை ஆறால பெருக்கினேன், மிஸ்" என்றாள். இடமதிப்பு அவளுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது.

அடுத்து 3/4 + 1/4. உடனே ஒன்று என்றாள். பிறகு 3/4 + 1/6. யோசித்தாள். "கீழ இருக்கிற நம்பர் வேற வேறயா இருக்கு. இது எங்களுக்குச் சொல்லிக்குடுக்கல" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 4/10 என்று எழுதியிருந்தால், பின்னம் என்றால் என்னவென்றே பிடிபடவில்லை என்று அர்த்தம். முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரைக்கும் கீழே போகாது என்ற உணர்வுகூட இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும், அப்படிப்பட்ட பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் உட்காரவைப்பதே நல்லது. இவளுக்கு இருப்பது படிக்காத ஒரு பாடம் மட்டும். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் அது ஐந்தாம் வகுப்புக்குரியது. சில வாரங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

3,45,678 என்று எழுதிக் காட்டியபோது, காற்புள்ளி தவறான இடத்தில் இருப்பதாக அவளே திருத்தினாள். அவளுக்கு அது முந்நூற்று நாற்பத்தைந்து ஆயிரம். ஆறாம் வகுப்புக் கணக்கின் முதல் பாடமே இந்த இரண்டு எண்ணிக்கை முறைகளையும் ஒப்பிடுகிறது என்பதால் ஆசிரியை அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ் ஆசிரியை ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினார். க, கா, கி, கீ வரை வேகமாக வந்தாள். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரும் கொ, கோ-வில் நின்றுவிட்டாள். ண, ந, ன மூன்றையும் ஒன்றாகவே உச்சரித்தாள். பிறகு ஆசிரியை ஒரு குட்டிக் கதையைத் தானே படித்துக் காட்டினார். 'சிறுமி தோட்டத்திற்குச் சென்றாள்' என்று வந்தது. "சென்றாள்னா என்ன மிஸ்?" என்று கேட்டாள். வீட்டில் யாரும் சென்றதில்லை, எல்லோரும் போனார்கள். 'போனா' என்று சொன்னதும் முகம் மலர்ந்து, மீதிக் கதையைத் தானே ஊகித்துச் சொன்னாள். எழுத்துத் தமிழின் சொற்கள் தெரியாததும் தமிழ் தெரியாததும் ஒன்றல்ல என்று அந்த ஆசிரியை தன் குறிப்பில் எழுதியிருந்தார்.

அன்று மாலை தலைமையாசிரியை எங்களோடு உட்கார்ந்து பேசினார். அவர் சொன்ன ஒரு காரணம் எனக்குப் புதிதாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தமிழ் பின்தங்கியிருக்கிறது என்று ஒரு வகுப்பு கீழே போடுவது வழக்கம். ஆனால் ஒன்றாம் வகுப்பு நிலையில் படிக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழும் எட்டாது, ஆறாம் வகுப்புத் தமிழும் எட்டாது. கீழே இறக்கினால் தமிழில் பெரிதாக எதுவும் கிடைக்காது, மற்ற பாடங்களில் ஒரு வருடம் தேங்கும். ஆகவே கணக்கை வைத்துத்தான் வகுப்பை முடிவுசெய்கிறேன், தமிழை வைத்து என்ன உதவி தேவை என்று முடிவுசெய்கிறேன் என்றார்.

மறுபக்கமும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. 2006-ம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். ஆறில் சேர்ந்தால் பொதுத்தேர்வுக்கு ஐந்து கல்வியாண்டு, ஐந்தில் சேர்ந்தால் ஆறு. "அந்த ஒரு வருஷம் வேணுமான்னு காலாண்டுக்குப் பிறகு பேசுவோம்" என்றார். மறுபடி பார்க்க வேண்டும் என்று கடிதத்தில் கேட்டிருந்த வரி அப்போது பயன்பட்டது.

ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். மூன்று வயதிலேயே ஊரைவிட்டுப் போனவள் என்பதால் அரசின் எமிஸ் பதிவில் அவள் பெயரே இல்லை. பிறப்புச் சான்றிதழை வைத்துப் புதிதாகப் பதிந்தார்கள். தினமும் முதல் பாடவேளையில் தொடக்கப் பிரிவுத் தமிழ் ஆசிரியையிடம் போய்ப் படித்தாள். பின்னங்களை வீட்டில் நான் எடுத்தேன். தோசையை நாலாகவும் ஆறாகவும் வெட்டிப் பார்த்து, இரண்டுக்கும் பொதுவாகப் பன்னிரண்டு துண்டு என்று அவளே கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

இந்தப் பாதை எட்டாம் வகுப்பு வரைதான் இவ்வளவு நெகிழ்வாக இருக்கும். ஒன்பதிலிருந்து பள்ளி மட்டும் முடிவெடுக்க முடியாது. வாரியத்தின் விதிகள் குறுக்கே வரும். பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகச் சேர்வது மிகவும் கடினம். அந்த வயதில் பிள்ளை இருந்தால், ஊர் திரும்பும் தேதியையே பள்ளியைக் கேட்டுவிட்டு முடிவுசெய்வது நல்லது. பயணச்சீட்டு வாங்கிய பிறகு கேட்பது தாமதம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து அக்டோபரில் அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ்த் தாளில் பாதிக் கேள்விகளை விட்டிருந்தாள். எழுதியிருந்தவற்றில் கோ சரியாக இருந்தது, ண-வும் ன-வும் இன்னும் இடம் மாறின. கணக்கில் கையெழுத்து மெதுவாக இருந்ததால் கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரம் போதவில்லை, செய்தவை சரி. தலைமையாசிரியை ஏப்ரல் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, அதன் ஓரத்திலேயே பேனாவால் எழுதினார்: 'ஆறிலேயே தொடரலாம். தமிழ் வாசிப்பு வகுப்பு அரையாண்டு வரை.'